ஷூவின் அடியில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது

கேள்வி: மலையேற என்று ட்ரெக்கிங் ஷூ வாங்கினேன். அடியில் பெரிய பெரிய பல்லாக இருக்கிறது, மண்ணில் அட்டகாசமாகப் பிடிக்கிறது. ஆனால் மழை நாளில் ஆபீஸ் வாசல் கிரானைட்டில் இரண்டு முறை வழுக்கிவிட்டது. அப்பாவின் சாதாரணத் தட்டை ஷூ அதே இடத்தில் வழுக்குவதில்லை. பல் பெரிதாக இருந்தால் பிடிப்பு அதிகம் இல்லையா? அடியைப் பார்த்தே எது எதற்கு என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் முதலில் பல் பெரிதா சிறிதா என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஷூவைத் திருப்பி வைத்துக்கொண்டு, தரையைத் தொடுகிற ரப்பரில் இருப்பதிலேயே அகலமான ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொட்டு வெளியேற எவ்வளவு தூரம் போக வேண்டும்? போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து ஷூவின் ஓரம் வரைக்கும் வழி இருக்கிறதா? நான் ஆம்பூர் பக்கம் பல வருடம் சோல் மோல்டு வேலையில் இருந்தவன், புது டிசைன் வந்தால் இன்றைக்கும் நான் பார்க்கிற முதல் விஷயம் இதுதான்.

மண்ணில் நடப்பது எளிமையான கதை. மண் மெத்தென்று இருக்கிறது, பல் உள்ளே இறங்குகிறது, நீங்கள் காலை உந்தும்போது பல்லின் பின்சுவர் மண்ணை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இங்கே பிடிப்பு என்பது கிட்டத்தட்ட மண்ணின் பலம்தான், ரப்பர் ஒரு சின்ன மண்வெட்டி மாதிரி. கிரானைட்டில் பல் எங்கே இறங்கும்? எவ்வளவு பெரிய பல்லாக இருந்தாலும் அதன் தலை மட்டும்தான் கல்லின் மேல் உட்காருகிறது. அங்கே வேலை செய்வது ரப்பர் கல்லோடு ஒட்டிக்கொள்வது, அதுவும் இரண்டுக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் இல்லாவிட்டால்தான் நடக்கும்.

அந்தப் படலத்தை வெளியே தள்ள நேரம் ஆகும், எல்லாச் சிக்கலும் இங்கேதான். ஈரமான கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடியை வைத்து அமுக்கிப் பார்த்திருப்பீர்கள், சட்டென்று ஒட்டாது, கொஞ்ச நேரம் மிதந்து மிதந்து நகரும். சோலும் அப்படித்தான். படலம் மெலிய எடுக்கும் நேரம் அந்தத் தட்டையான பகுதியின் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது அகலம் மூன்றில் ஒரு பங்கானால் நேரம் ஒன்பதில் ஒரு பங்கு. தோராயமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 15 மி.மீ. அகலமுள்ள நீளமான ரப்பர் பட்டை, பாலிஷ் போட்ட கல், குதிகால் இறங்கும்போது இருக்கிற மாதிரியான அழுத்தம். படலம் ஒரு மைக்ரானுக்கு, அதாவது ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மெலிய ஏறக்குறைய அரை விநாடி பிடிக்கும். சதுரப் பல்லாக இருந்தால் நான்கு பக்கமும் வழி இருப்பதால் அதில் பாதி. இப்போது அதே பட்டையை 5 மி.மீ. அகலத்துக்கு மூன்றாக நறுக்கினால் ஒவ்வொன்றுக்கும் வெறும் 0.06 விநாடி. நடக்கும்போது ஒரு கால் தரையில் இருப்பதே சுமார் 0.6 விநாடிதான். வழுக்குவதும் வழுக்காததும் குதிகால் பட்ட முதல் பத்தில் ஒரு விநாடி அளவிலேயே தீர்மானமாகிவிடும். அரை விநாடி கழித்து ரப்பர் கல்லைத் தொட்டு என்ன பயன், நீங்கள் அதற்குள் உட்கார்ந்திருப்பீர்கள்.

இதே கணக்கில் கல்லின் முகமும் வருகிறது. நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட், கொத்திய கல் படி, சிமென்ட் தரை, இவற்றிலெல்லாம் மேடுகள் உயரமாக இருப்பதால் படலம் பத்து மைக்ரானுக்கு மெலிந்தாலே மேடுகள் ரப்பரில் குத்த ஆரம்பித்துவிடும். பத்து மடங்கு தடிமனான படலம் என்றால் நேரம் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் அதே ஷூ தெருவின் சிமென்ட்டில் மழையிலும் கெட்டியாக நிற்கிறது, வாசற்படி ஏறி பாலிஷ் கல்லில் கால் வைத்ததும் கைவிடுகிறது.

உங்கள் ஷூவை நான் பார்க்கவில்லை. என்னிடம் அந்த வகை ஒரு ஜோடி இருக்கிறது, ஸ்கேல் வைத்து அளந்தேன். பல்லின் தலை 14 மி.மீ. சதுரம், உயரம் 5 மி.மீ., பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி 9 மி.மீ. ஒவ்வொரு 23 மி.மீ. கட்டத்திலும் 14 மி.மீ. மட்டுமே ரப்பர் என்றால், தரையைத் தொடுவது மொத்தப் பரப்பில் சுமார் 37 சதவீதம். ஓட்டல் சமையலறைக்காகச் செய்த ஒரு ஷூவையும் அளந்தேன், 5 மி.மீ. கட்டை, 2 மி.மீ. வாய்க்கால், தொடுவது 51 சதவீதம். அதாவது சமையலறை ஷூவில் தண்ணீர் சீக்கிரம் வெளியேறுகிறது, வெளியேறின பிறகு ஒட்டிக்கொள்ள ரப்பரும் அதிகம் இருக்கிறது. ட்ரெக்கிங் ஷூவில் இரண்டுமே எதிர்மாறு. போதாக்குறைக்கு 5 மி.மீ. உயரப் பல் கடினமான தரையில் எடை விழும்போது கொஞ்சம் சாய்ந்து வளைந்து ஒரு ஓரத்தில் மட்டும் நிற்கும், அப்போது அந்த 37 சதவீதமும் முழுதாகத் தொடுவதில்லை. மண்ணுக்காகச் செய்த நல்ல குணங்கள்தான் உங்களைக் கல்லில் வழுக்க வைக்கின்றன, ஷூ மட்டமானது என்று அர்த்தம் இல்லை.

சுவாரசியமான விஷயம், இந்த இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, அன்றைய ஆணியடித்த பூட்ஸுக்குப் பதிலாக ஆழமான ரப்பர் பற்கள் வைத்த சோலை 1937-இல் கொண்டுவந்தார். விப்ரம் என்ற சோல் கம்பெனியின் பெயரே அவர் பெயரின் சுருக்கம்தான். அதே 1935-இல் அமெரிக்காவில் படகோட்டி பால் ஸ்பெரி, தன் நாய் பனிக்கட்டியில் வழுக்காமல் ஓடுவதைக் கண்டு அதன் பாதத்தில் இருக்கும் மெல்லிய வெடிப்புகளைப் பார்த்து, தட்டை ரப்பரில் கத்தியால் நெளி நெளியாகக் கீறிப் படகு ஷூ செய்தார். ஆழமான பல் ஒரு பக்கம், மெல்லிய கீறல் இன்னொரு பக்கம். ரப்பரில் கீறினால் ஈரத்தில் பிடிக்கும் என்பதற்கு அதற்கும் முன்பே, 1923-இல் ஜான் சைப் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார்.

உங்கள் அப்பாவின் ஷூவில் அந்த மாதிரிக் கீறல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியே நிமிர்த்திப் பார்த்தால் தெரியாது. இரண்டு கையாலும் முன்பக்கத்தைப் பிடித்து, நடக்கும்போது ஷூ மடங்குகிற திசையிலேயே, ஆனால் இன்னும் அதிகமாக, அடிப்பாகம் வெளியே புடைக்கிற மாதிரி வளையுங்கள். தட்டையாக இருந்த ரப்பரில் மீன் செவுள் மாதிரி வரிவரியாகத் திறக்கும். அதுதான் கீறல். மூடியிருக்கும்போது அரை மி.மீ. கூட அகலம் இருக்காது. அது தண்ணீரை அள்ளிக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள், அவ்வளவு இடம் அதில் கிடையாது. அது செய்கிற வேலை இரண்டு. ஒன்று, அகலமான பகுதியைக் குறுகிய பட்டைகளாக்குவது, மேலே சொன்ன வர்க்கக் கணக்கு அப்படியே பொருந்தும். இரண்டாவது, ஒவ்வொரு கீறலும் ஒரு கூரான விளிம்பு. கால் முன்னே நழுவப் பார்க்கும்போது பட்டைகள் லேசாகச் சாய்ந்து அந்த விளிம்புகள் கார் வைப்பர் மாதிரி படலத்தை வழித்துவிடும். நேர்க்கோடாக இல்லாமல் நெளியாகக் கீறுவதற்குக் காரணம், பட்டைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், வாழை இலை கிழிந்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் மடங்காது. அப்புறம் நெளியில் எல்லாத் திசைக்கும் கொஞ்சம் விளிம்பு கிடைத்துவிடும்.

கீறல் குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். நாம் பெரும்பாலும் வழுக்குவது குதிகால் முன்னே ஓடி, எனவே நடக்கிற திசைக்குக் குறுக்காக இருக்கிற விளிம்புதான் காப்பாற்றும். குதியிலிருந்து விரல் வரை நீளவாக்கில் மட்டும் கோடு கோடாக இருக்கிற சோல் பார்க்க அழகாக இருக்கும், தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஓடவும் செய்யும்.

வாய்க்கால் வேறு, கீறல் வேறு. கீறல் வழித்த தண்ணீரை வாங்கிக்கொண்டு வெளியே விடுவது வாய்க்கால், அதாவது ஒன்றரை இரண்டு மி.மீ. அகலமாவது திறந்தே இருக்கிற பள்ளம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், கடைமடை திறந்திருக்க வேண்டும். விரலை வாய்க்காலில் வைத்து ஓட்டிக்கொண்டே போங்கள், ஷூவின் பக்கவாட்டு ஓரத்தில் வெளியே வருகிறதா? வந்தால் நல்லது. நிறைய ஷூக்களில் தேன்கூடு மாதிரியோ வட்ட வட்டமாகவோ குழி இருக்கும், சுற்றிலும் ரப்பர் வரப்பு அடைத்திருக்கும். அந்தக் குழியில் மாட்டின தண்ணீர் எங்கும் போக முடியாது, அழுத்தம் ஏறி எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். இன்னொரு வகை, சோலின் ஓரம் முழுக்கச் சுற்றுச்சுவர் மாதிரி ஒரு பட்டை. உள்ளே எவ்வளவு அருமையான வாய்க்கால் வெட்டியிருந்தாலும் அந்தச் சுவர் மொத்தத்தையும் வீணாக்கிவிடும். டிசைன் செய்பவர்கள் பக்கவாட்டில் பார்க்க நேர்த்தியாக இருக்கிறது என்று வைப்பார்கள், எனக்கு அதோடு ஓயாத சண்டை.

மண்ணுக்கான பல்லைப் படிப்பதற்கு இரண்டு குறிப்பு போதும். முதலாவது திசை. விரல் பக்கத்துப் பற்கள் அம்புக்குறி மாதிரி இருந்தால் கூர் முன்னோக்கி, வாய் பின்னோக்கித் திறந்திருக்கும், ஏறும்போது பின்னே உந்த மண்ணை அந்த வாய் அள்ளிப் பிடிக்கும். குதிகாலில் அதே அம்பு தலைகீழாக இருக்க வேண்டும், இறங்கும்போது பிரேக் பிடிக்க. முன்னும் பின்னும் ஒரே திசையில் இருந்தால் அது அலங்காரம். இரண்டாவது இடைவெளி. பல்லின் உயரத்தைவிட இடைவெளி நன்றாக அகலமாகவும், பல்லின் சுவர் செங்குத்தாக இல்லாமல் அடியில் சற்று அகன்றும் இருந்தால் ஈரமண் அடுத்த அடியில் தானே உதிர்ந்துவிடும். நெருக்கமான பல் என்றால் களிமண் அடைத்துக்கொள்ளும், அப்புறம் நீங்கள் நடப்பது மண்ணால் ஆன தட்டைச் சோலில். சேற்றில் ஓடுபவர்கள் 6 முதல் 8 மி.மீ. உயரத்தில் அகல அகலமாகப் பல் வைத்த ஷூ போடுவது இதற்காகத்தான். ஆனால் ஐப்பசி மழையில் கரிசல் காட்டுக்குள் இறங்கினால் எந்தப் பல்லும் உதவாது, அந்த மண் ஒட்டினால் ஒட்டினதுதான், கையில் எடுத்துக்கொண்டு நடப்பதே மேல்.

இங்கிலாந்தின் பணியிடப் பாதுகாப்புத் துறையும் இதையேதான் சுருக்கமாகச் சொல்கிறது: உள்ளறை, திரவம் சிந்தும் தரை என்றால் நெருக்கமான வடிவம், வெளியிடம், மண் மாதிரியான திடப்பொருள் என்றால் அகலத் திறந்த வடிவம்.

வடிவம் பாதி, ரப்பர் மீதி. நகத்தை அழுத்திப் பாருங்கள், நகம் லேசாக இறங்கித் தடம் மெதுவாக மறைந்தால் மென்மையான ரப்பர், கல்லில் நன்றாக ஒட்டும், சீக்கிரம் தேயும். நகம் வழுக்கிக்கொண்டு போனால், அதுவும் பிளாஸ்டிக் மாதிரி மினுக்கென்று இருந்தால், அதில் என்ன கோலம் போட்டிருந்தாலும் ஈர டைல்ஸில் நம்பாதீர்கள். ட்ரெக்கிங் ஷூவுக்குக் கூர்ங்கல்லில் பல் பிய்ந்து போகக் கூடாது என்று பொதுவாகக் கெட்டியான ரப்பர்தான் ஊற்றுவார்கள், உங்கள் பிரச்சினைக்கு அதுவும் ஒரு காரணம். பரணில் பல வருடம் கிடந்த ஷூவில் நல்ல ரப்பரும் இறுகிவிடும். புது ஷூ என்றால் வேறு ஒன்று: மோல்டிலிருந்து சோல் ஒட்டாமல் கழன்று வர ஒரு மருந்து அடிப்போம், அதன் மிச்சம் மேலே படிந்திருக்கும், முதல் சில நாள் அதனாலேயே வழுக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாளால் லேசாக ஒரு முறை இழுத்துவிட்டால் போதும்.

எண்ணெய்க்கு இந்தக் கணக்கு கைகொடுக்காது. சமையல் எண்ணெய் தண்ணீரைவிட ஐம்பது அறுபது மடங்கு பாகுத்தன்மை கொண்டது, படலம் மெலிய அத்தனை மடங்கு நேரம். 5 மி.மீ. பட்டைக்கே 0.06 விநாடி என்பது மூன்று விநாடியைத் தாண்டிவிடும், யாரும் ஒரு காலில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. அதனால்தான் பாதுகாப்பு ஷூக்களைச் சோதிக்கும் பழைய முறையில் பீங்கான் டைல்ஸ் மேல் சோப்புக் கரைசலும், இரும்புத் தகட்டின் மேல் கிளிசரினும் ஊற்றித் தனித்தனியாக அளந்தார்கள். பழைய முத்திரையில் எஸ்.ஆர்.சி. என்று இருந்தால் இரண்டிலும் தேறியது என்று பொருள். அதிலும் கிளிசரினுக்குக் கேட்ட குறைந்தபட்ச உராய்வு அளவு டைல்ஸுக்குக் கேட்டதைவிட மிகக் குறைவு, 0.32-க்குப் பதில் 0.18 என்கிற மாதிரி. தேறியது என்றாலே எண்ணெயில் ஓடலாம் என்று இல்லை. பாசி படிந்த பாறையும் இந்த ரகம்தான், ரப்பர் பாறையைத் தொடுவதே இல்லை, பாசியைத்தான் தொடுகிறது. அருவிக்கரையில் ஷூவை நம்பி நிற்காதீர்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பழைய நியூஸ்பேப்பரைச் சமமான தரையில் விரித்து, சோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நடக்கிற மாதிரி குதிகாலிலிருந்து ஒரு அடி வைத்து எடுங்கள். ஈரம் பட்ட இடம்தான் உண்மையில் தரையைத் தொடுகிற இடம். உங்கள் ட்ரெக்கிங் ஷூவுக்குத் தனித்தனிப் புள்ளிகள் விழும், அப்பாவின் ஷூவுக்கு வரிவரியாக நிறைய விழும். குதிகாலின் பின்விளிம்பில் என்ன விழுகிறது என்று குறிப்பாகப் பாருங்கள், முதலில் தரையைத் தொடுவது அந்த விளிம்புதான். அது லேசாகச் சரித்து வெட்டப்பட்டிருந்தால் ஒரு கோட்டுக்குப் பதில் ஒரு பட்டையாகத் தொடும், நல்ல சோலில் இது இருக்கும்.

தேய்மானமும் அங்கேதான் தொடங்கும், பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலின் வெளிப்பக்க மூலையில். டயரில் பட்டன் போனால் மொட்டை டயர் என்று மாற்றுகிறோம், ஷூவில் முக்கால்வாசி பட்டன் அப்படியே இருக்கும், அந்த ஒரு மூலை மட்டும் மொட்டையாகிவிடும், அதனால் கண்ணில் படாது. மொத்தச் சோலும் புதிதாக இருந்து என்ன செய்ய, முதல் பத்தில் ஒரு விநாடி அந்த மூலையில்தானே கழிகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தேய்ந்த ஷூக்களின் அடியில் திரவ அழுத்தத்தை அளந்து பார்த்தவர்களின் ஆராய்ச்சியிலிருந்து வந்த எளிய அளவு ஒன்று உண்டு: வழவழவென்று தேய்ந்த இடம் ஒரு பென்சில் பேட்டரியின் அடிப்பக்கத்தைவிடப் பெரிதாகிவிட்டால் ஷூவை மாற்றிவிடுங்கள். பேட்டரியின் குறுக்களவு சுமார் 14 மி.மீ. மேலே நான் அளந்த பல்லின் அகலமும் 14 மி.மீ.தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதாவது ஒருவரின் குதிகாலில் தேய்மானத்தால் உண்டாகிற ஆபத்தான மொட்டை இடம், பெரிய பல் ஷூவில் வாங்கின அன்றே அளவெடுத்து வைத்திருக்கிறது.

சரி, உங்கள் ஷூவிலேயே கீறல் போட்டுவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். 5 மி.மீ. உயரப் பல்லில் குறுக்கே கத்தி போட்டால் மலையில் கல் இடுக்கில் மாட்டும்போது அது துண்டாகப் பிய்ந்து வரும். தட்டை ரப்பர் ஷீட் அடித்த செருப்பு என்றால் தைக்கிறவரிடம் கொடுத்து ஒன்றரை மி.மீ. ஆழத்துக்குமேல் போகாமல், 5 மி.மீ.க்கு ஒன்று வீதம் குறுக்கே நெளியாகக் கீறச் சொல்லலாம், கையாலேயே செய்துவிடுவார்கள். அதிலும் சின்னச் சின்னக் கல் சொருகிக்கொள்ளும், அவ்வப்போது வளைத்துத் தட்டிவிட வேண்டும். மழை மாதங்களில் ஆபீசுக்கு அப்பாவின் ஷூ மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு ட்ரெக்கிங் ஷூவை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் கடையிலேயே அதை மேலே சொன்ன மாதிரி வளைத்துப் பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. அப்பாவின் ஷூவுக்கு வயது எத்தனை என்று தெரியவில்லை, ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து அந்தக் குதிகால் மூலையையும் பார்த்துவிடுங்கள்.